தைராய்டு புற்றுநோய்: ஸ்டேஜ் எதைச் சொல்கிறது, அபாயப் பிரிவு எதைச் சொல்கிறது?

இந்தப் பக்கம் பெரும்பாலும் பாப்பிலரி, ஃபோலிக்குலர் வகைகளைப் பற்றியது. தைராய்டு புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை இவைதான். மெடுல்லரி, அனாபிளாஸ்டிக் வகைகளின் கணக்கு வேறு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

டாக்டர் ஸ்டேஜ் 1 என்கிறார். அதே கடிதத்தில் "நடுத்தர அபாயம்" என்றும் எழுதியிருக்கிறார். இரண்டில் எது உண்மை?

இரண்டும் உண்மை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஸ்டேஜ் என்பது உயிரைப் பற்றிய கணிப்பு: இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்வது. டி.என்.எம். முறை என்று இதைக் குறிப்பிடுவார்கள். கட்டியின் அளவும் பரவலும், நிணநீர்க் கணுக்கள் (பேச்சில் நெறிக்கட்டி என்போமே, அவை), தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவியதா என்பது, இவற்றோடு வயது. இந்த முறையின் எட்டாம் பதிப்பு 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அபாயப் பிரிவு என்பது நோய் திரும்ப வருவதைப் பற்றிய கணிப்பு. அமெரிக்க தைராய்டு சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி குறைந்த, நடுத்தர, அதிக என்று மூன்று பிரிவுகள். தோராயமாகச் சொன்னால், முதல் பிரிவில் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாக, இரண்டாவதில் 5 முதல் 20 பேருக்கு, மூன்றாவதில் 20 பேருக்கு மேல் நோய் மீண்டும் தலைகாட்டும் அல்லது மிச்சம் இருக்கும். 2025இல் வந்த புதிய வழிகாட்டுதல் நடுப் பிரிவை இரண்டாகப் பிரித்து நான்காக்கியிருக்கிறது. உங்கள் மருத்துவர் எந்த ஆண்டின் முறையைப் பயன்படுத்துகிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. கீழே உள்ளவை 2015இன் மூன்று பிரிவுகளை ஒட்டியவை.

தைராய்டில் இந்த இரண்டு கணிப்புகளும் பல நேரம் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இளம் வயதினருக்குக் கழுத்துக் கணுக்களில் நோய் திரும்ப வருவது சகஜம். அதனால் இறப்பது மிக அரிது. அதனால்தான் ஒரே கடிதத்தில் "ஸ்டேஜ் 1", "நடுத்தர அபாயம்" இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

பயாப்சி ரிப்போர்ட்டில் pT2 N1b என்று இருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?

முன்னால் இருக்கும் சிறிய p, அறுவையில் எடுத்த திசுவை நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னது என்பதற்கான அடையாளம். அறுவைக்கு முன் ஸ்கேனைப் பார்த்து எழுதியிருந்தால் அந்த இடத்தில் c இருக்கும்.

T கட்டியைக் குறிக்கிறது. தைராய்டுக்குள்ளேயே அடங்கிய கட்டி 1 செ.மீ. வரை இருந்தால் T1a. 1க்கு மேல் 2 வரை T1b. 2க்கு மேல் 4 வரை T2. 4க்கு மேல் போனாலும் உள்ளேயே அடங்கியிருந்தால் T3a. இதுவரை அளவுதான் பேசுகிறது. அடுத்த படியில் அளவுக்கு மதிப்பில்லை, கட்டி எதைத் தொட்டது என்பதே முக்கியம். தைராய்டுக்கு மேல் பட்டை போலப் படிந்திருக்கும் கழுத்துத் தசைகளுக்குள் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி நுழைந்திருந்தால் T3b. குரல்வளை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குரல் நரம்பு அல்லது தோலடித் திசுவுக்குள் போயிருந்தால் T4a. முதுகெலும்புக்கு முன்னால் உள்ள படலத்தைப் பிடித்திருந்தாலோ, கழுத்துத் தமனியை அல்லது மார்புப் பெருங்குழாய்களைச் சுற்றி வளைத்திருந்தாலோ T4b.

ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தால் அளவுகளைக் கூட்ட மாட்டார்கள். பெரியதை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். மூன்று கட்டிகள் தலா 0.8 செ.மீ. என்றால் அது 2.4 ஆகாது, T1a தான், பக்கத்தில் m என்ற குறி மட்டும் சேரும்.

N கணுக்களைக் குறிக்கிறது. N1a என்றால் தைராய்டை ஒட்டிய நடுக் கழுத்துக் கணுக்களில் அல்லது மேல் மார்பில் பரவல். N1b என்றால் பக்கக் கழுத்துக் கணுக்களில். N0 பரவல் இல்லை, NX மதிப்பிடவில்லை. NX என்பதை "இல்லை" என்று படித்துவிடுபவர்கள் உண்டு. பார்க்கவில்லை என்பதும் பார்த்தேன், இல்லை என்பதும் ஒன்றல்ல.

M1 என்றால் நுரையீரல், எலும்பு போன்ற தொலை உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறது. M0 என்றால் இல்லை.

என் வயது 34. கழுத்தில் ஒன்பது கணுக்களில் புற்றுநோய். அப்படியும் ஸ்டேஜ் 1 என்றால் எப்படி நம்புவது?

நோயைக் கண்டறிந்தபோது வயது 55க்குக் கீழ் இருந்தால், எத்தனை பெரிய கட்டி, எத்தனை கணுக்கள் என்றாலும் தொலை உறுப்புகளுக்குப் பரவாதவரை ஸ்டேஜ் 1. பரவியிருந்தால் ஸ்டேஜ் 2. அவ்வளவுதான், இந்த வயதினருக்கு ஸ்டேஜ் 3, 4 என்பதே கிடையாது. மற்ற எந்தப் புற்றுநோயையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாகத்தான் இருக்கும்.

காரணம் நோயின் இயல்பில் இருக்கிறது. இளம் வயதினரின் பாப்பிலரி புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் தைராய்டுச் செல்களின் குணத்தை இழக்காமல் இருக்கின்றன. அயோடினை உறிஞ்சுகின்றன, மெதுவாக வளர்கின்றன. ஆகவே மிச்சம் இருந்தாலும் கதிரியக்க அயோடின் அவற்றைத் தேடிப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். வயது கூடக் கூட அயோடினை எடுத்துக்கொள்ளும் திறன் குறைந்த, தீவிர வகைச் செல்கள் அதிகம் காணப்படுகின்றன. டெர்ட் எனப்படும் மரபணுவின் மாற்றமும் முதியவர்களின் கட்டிகளில்தான் அதிகம். இது மோசமான போக்கோடு தொடர்புடையது.

ஆகவே உங்கள் ஸ்டேஜ் 1 ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. ஆனால் "ஸ்டேஜ் 1தானே" என்று பரிசோதனைகளைத் தள்ளிப்போடவும் அது அனுமதி அல்ல. ஒன்பது கணுக்கள் என்பது திரும்ப வரும் வாய்ப்பைப் பற்றிய செய்தி. அந்தக் கணக்கைக் கீழே முழுதாகப் போட்டுக் காட்டுகிறோம்.

அப்பாவுக்கு 55 முடிந்து இரண்டு மாதம். இரண்டு மாதம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் ஸ்டேஜ் குறைந்திருக்குமா?

காகிதத்தில் குறைந்திருக்கலாம். உடலில் எதுவும் மாறியிருக்காது.

வயதின் தாக்கம் படிப்படியாக ஏறுவது; ஒரு நாளில் குதிப்பதில்லை. முறை எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக எங்கோ ஒரு கோடு போட வேண்டியிருந்தது. ஏழாம் பதிப்பு வரை அந்தக் கோடு 45. பிறகு 10 மையங்களில் சிகிச்சை பெற்ற 9,484 பேரின் தரவை ஆராய்ந்தபோது, 45க்கும் 55க்கும் இடையில் இருந்த பலரைத் தேவைக்கு மேல் மோசமான ஸ்டேஜில் வைத்திருந்தது தெரிந்தது. எட்டாம் பதிப்பில் கோடு 55க்கு நகர்ந்தது.

கோட்டின் ஓரத்தில் நிற்பவருக்கு இன்னொரு கணக்கு உதவும். மேயோ கிளினிக்கில் 1993இல் வகுத்த மேசிஸ் மதிப்பெண்ணில் வயது படிப்படியாகவே சேர்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் என்றால் வயதை 0.08ஆல் பெருக்க வேண்டும். 39 வரை எல்லோருக்கும் 3.1. கட்டியின் செ.மீ. அளவை 0.3ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். முழுதாக அகற்ற முடியாவிட்டால் 1, சுற்றுத் திசுக்களுக்குள் ஊடுருவியிருந்தால் 1, தொலைப் பரவலுக்கு 3. மொத்தம் 6க்குக் கீழ் வந்தால், பாப்பிலரி புற்றுநோயால் இறக்காமல் 20 ஆண்டுகளைக் கடந்தவர்கள் 99 சதவீதம். 6 முதல் 6.99 வரை 89, 7 முதல் 7.99 வரை 56, 8க்கு மேல் 24.

அப்பாவின் கட்டி 3 செ.மீ., வேறெதுவும் இல்லை என்று வைப்போம். 55 வயதில் 4.4 + 0.9 = 5.3. 54 வயதில் 4.32 + 0.9 = 5.22. ஓர் ஆண்டு வித்தியாசத்தின் எடை 0.08. இரண்டும் 6க்குக் கீழ்தான். அதே கணக்கை 70 வயதுக்காரர் ஒருவருக்கு, 4.5 செ.மீ. கட்டிக்குப் போட்டால் 5.6 + 1.35 = 6.95. சுற்றுத் திசுவுக்குள் ஊடுருவலும் இருந்தால் 7.95. வயது எங்கே உண்மையில் சுமையாகிறது என்பது இதில் தெரியும்.

55க்கு மேல் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் என்ன பொருள்? எத்தனை பேர் பிழைக்கிறார்கள்?

4 செ.மீ. வரை உள்ள, தைராய்டுக்குள் அடங்கிய, கணுப் பரவல் இல்லாத கட்டி ஸ்டேஜ் 1. அதே கட்டியோடு கணுப் பரவல் சேர்ந்தால் ஸ்டேஜ் 2. 4 செ.மீ.க்கு மேற்பட்டதும், பட்டைத் தசைக்குள் போனதும் கணு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்டேஜ் 2. T4a ஸ்டேஜ் 3. T4b ஸ்டேஜ் 4ஏ. தொலைப் பரவல் இருந்தால் ஸ்டேஜ் 4பி.

எட்டாம் பதிப்பின்படி, இந்த நோயால் இறக்காமல் 10 ஆண்டுகளைக் கடப்பவர்கள் ஸ்டேஜ் 1இல் 98 முதல் 100 சதவீதம், ஸ்டேஜ் 2இல் 85 முதல் 95, ஸ்டேஜ் 3இல் 60 முதல் 70, ஸ்டேஜ் 4இல் 50க்கும் குறைவு. 55க்குக் கீழ் உள்ளவர்களின் ஸ்டேஜ் 1, 2க்கும் முதல் இரண்டு எண்கள் அப்படியே பொருந்தும்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை "நோயால் இறப்பது" பற்றிய எண்கள். மாரடைப்பாலோ வேறு எதனாலோ இறந்தவர்கள் இதில் சேர்வதில்லை. இணையத்தில் காணும் சில எண்கள் எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பைச் சேர்த்தவை. 75 வயதுக்காரருக்கு இரண்டும் வெகுவாக வேறுபடும். இரண்டையும் கலந்து படித்தால் வீண் பயம்தான் மிஞ்சும்.

ஒரே மாதிரி ரிப்போர்ட் இருவருக்கு வந்தால் கணக்கு எப்படிப் போகும்? ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

இருவரை எடுத்துக்கொள்வோம்: ஒருவர் வயது 34, மற்றவர் 61. ரிப்போர்ட் இருவருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பாப்பிலரி, சாதாரண வகை. கட்டி 2.6 செ.மீ., தைராய்டுக்குள் அடங்கியது, ஓரங்களில் புற்றுச் செல் இல்லை, ரத்தக் குழாய் ஊடுருவல் இல்லை. எடுத்த 22 கணுக்களில் 9இல் புற்றுநோய், அவற்றில் பெரியது 1.8 செ.மீ., சில பக்கக் கழுத்தில் இருந்தவை. அறுவைக்கு முந்தைய அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்தவை. மார்பில் எதுவும் இல்லை.

முதலில் ஸ்டேஜ். 2.6 செ.மீ. என்பதால் T2, பக்கக் கழுத்து என்பதால் N1b, தொலைப் பரவல் இல்லை, M0. 34 வயதுக்காரர் 55க்குக் கீழ், ஸ்டேஜ் 1. 61 வயதுக்காரருக்கு T2வோடு கணு இருப்பதால் ஸ்டேஜ் 2.

மேசிஸ் போட்டால், இளையவர் 3.1 + 0.78 = 3.88, மூத்தவர் 4.88 + 0.78 = 5.66. ஸ்டேஜ் வேறானாலும் இருவரும் 6க்குக் கீழேயே நிற்கிறார்கள். மேசிஸில் கணுக்களுக்கு இடமே இல்லை என்பதையும் கவனியுங்கள்; கணுப் பரவல் உயிரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை என்ற பழைய அனுபவத்தின் பதிவு அது.

அடுத்து அபாயப் பிரிவு. இங்கே வயது கேட்கப்படவே இல்லை. ஐந்துக்கு மேற்பட்ட கணுக்கள், எல்லாம் 3 செ.மீ.க்குக் கீழ், அறுவைக்கு முன்பே தெரிந்தவை. ஆகவே இருவரும் நடுத்தர அபாயம். இந்த வகைக்குத் திரும்ப வரும் வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம், அதாவது அந்தப் பிரிவின் மேல் விளிம்பில்.

இந்த இரண்டு விடைகளிலிருந்தும் சிகிச்சை பிரிகிறது. கதிரியக்க அயோடின் கொடுப்பதா, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். அளவை எவ்வளவு தாழ்த்தி வைப்பது, கழுத்து ஸ்கேன் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதையெல்லாம் அபாயப் பிரிவுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இருவருக்கும் ஆரம்பத்தில் டி.எஸ்.ஹெச். இலக்கு 0.1க்கும் 0.5க்கும் இடையில். ஆனால் 61 வயதுக்காரருக்கு இதயத் துடிப்புக் கோளாறோ எலும்புத் தேய்மானமோ இருந்தால் அவ்வளவு தாழ்த்துவது கெடுதல். அங்கே மருத்துவர் விட்டுக்கொடுப்பார்.

"சற்றே வெளியே பரவியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். இது T3 தானே?

அநேகமாக இல்லை. ரிப்போர்ட்டைப் படிப்பதில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் வெளிப்பரவல் ஒன்று. அறுவையின்போது கண்ணால் பார்க்கும்படி தசைக்குள் ஒட்டிக்கொண்டு நிற்பது மற்றொன்று. ஏழாம் பதிப்பில் முதலாவதும் T3 ஆக்கிவிடும். எட்டாம் பதிப்பில் அதற்கு T மதிப்பு இல்லை. கட்டியின் அளவுக்கு உரிய T தான். ஆகவே 1.4 செ.மீ. கட்டி, நுண் பரவல் மட்டும் என்றால் இன்று T1b. ஆனால் அபாயப் பிரிவில் அதற்கு இன்னும் இடம் உண்டு, நடுத்தரத்துக்குக் கொண்டுபோகும். அங்கும் அதன் எடை லேசானது: திரும்ப வரும் வாய்ப்பு 3 முதல் 8 சதவீதம். கண்ணுக்குத் தெரியும் பரவலோ 30 முதல் 40 சதவீதம். அது அதிக அபாயம்.

எனவே ரிப்போர்ட்டில் "வெளிப்பரவல்" என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் போதாது. அறுவைக் குறிப்பில் சர்ஜன் என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டும். "தசையிலிருந்து சுலபமாகப் பிரிந்தது" என்று இருந்தால் ஒன்று. "தசையின் ஒரு பகுதியைச் சேர்த்து வெட்டினேன்" என்றால் வேறு. தைராய்டுக்கு முழுமையான உறை கிடையாது, ஓரத்தில் இயல்பாகவே கொழுப்பும் தசை இழைகளும் கலந்திருக்கும். அதனால் நுண் பரவலைப் பற்றி இரண்டு நோயியல் மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வதும் நடக்கும்.

கணுக்களின் எண்ணிக்கைக்கு அவ்வளவு வித்தியாசமா? இருக்கிறது, இல்லை என்று தெரிந்தால் போதாதா?

போதாது. இரண்டு மி.மீ.க்குக் குறைவான புற்றுப் புள்ளிகள் ஐந்து கணுக்கள் வரை இருந்தால் குறைந்த அபாயமாகவே எடுத்துக்கொள்கிறார்கள், திரும்ப வரும் வாய்ப்பு 5 சதவீதம் அளவில். ஐந்தைத் தாண்டினால் 20. ஏதாவது ஒரு கணுவிலாவது பரவல் 3 செ.மீ.யைத் தொட்டால் 30. அது அதிக அபாயம். கணுவின் உறையைக் கிழித்து வெளியே வந்த பரவல் மூன்று கணுக்களுக்கு மேல் இருந்தால் 40 வரை.

ஆகவே ரிப்போர்ட்டில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: எத்தனை கணுக்கள் எடுத்தார்கள், எத்தனையில் நோய், பெரிய பரவல் எத்தனை மி.மீ. "N1a" என்று மட்டும் எழுதிவிட்டு எண்ணிக்கையைச் சொல்லாத ரிப்போர்ட் அரைகுறையானது. மருத்துவரிடம் சொல்லி நோயியல் துறையிலிருந்து கூடுதல் குறிப்பு வாங்கலாம். ஸ்லைடுகளும் திசுக் கட்டைகளும் பத்திரமாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு வலையும் உண்டு. ஒரே ஒரு கணு எடுத்து அதில் நோய் இல்லை என்பதும், பதினைந்து எடுத்து ஒன்றிலும் இல்லை என்பதும் காகிதத்தில் N0 தான். இரண்டின் நம்பகத்தன்மையும் ஒன்றல்ல.

எனக்கு ஃபோலிக்குலர். கணு ஒன்றுகூட இல்லை. அப்போது குறைந்த அபாயம்தானே?

கணு இல்லாததை வைத்து முடிவு செய்ய முடியாது. பாப்பிலரி நிணநீர் வழியாகக் கழுத்துக்குப் போகும் பழக்கமுள்ளது. ஃபோலிக்குலர் ரத்த வழியாக நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகும் பழக்கமுள்ளது. ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் தேட வேண்டியது ரத்தக் குழாய் ஊடுருவல் எத்தனை இடங்களில் என்பது. உறையை மட்டும் தாண்டியது, அல்லது நான்குக்கும் குறைவான இடங்களில் ரத்தக் குழாய்க்குள் நுழைந்தது என்றால் குறைந்த அபாயம். நான்கைத் தாண்டி விரிவாக இருந்தால் அதிக அபாயம். "ரத்தக் குழாய் ஊடுருவல் உண்டு" என்று எண்ணிக்கை இல்லாமல் எழுதியிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

22 வயதுப் பெண்ணுக்கு நுரையீரலில் பரவியிருக்கிறது. ஸ்டேஜ் 2 என்று சொல்லிச் சமாதானப்படுத்துகிறார்களா?

முறைப்படி ஸ்டேஜ் 2தான். ஆனால் அபாயப் பிரிவில் தொலைப் பரவல் எந்த வயதிலும் அதிக அபாயம். முழு தைராய்டு நீக்கம், கதிரியக்க அயோடின், டி.எஸ்.ஹெச். 0.1க்குக் கீழ் என்று சிகிச்சை முழு வேகத்தில் போகும்.

அவரது போக்கைத் தீர்மானிப்பது ஸ்டேஜ் எண்ணைவிட இரண்டு விஷயங்கள். நுரையீரல் புள்ளிகள் எவ்வளவு சிறியவை, அவை அயோடினை எடுத்துக்கொள்கின்றனவா. இளம் வயதில் காண்பவை பெரும்பாலும் தினை போன்ற நுண்ணிய புள்ளிகள், அயோடினை நன்றாக எடுப்பவை. அவற்றுக்கு எதிர்வினை நன்றாக இருக்கும். முற்றிலும் மறையாமல் பல ஆண்டுகள் அசையாமல் நிற்பதும் உண்டு. 65 வயதில் எலும்பில் பெரிய கட்டியாக, அயோடினை எடுக்காமல் இருப்பது வேறு நோய் என்றே சொல்லலாம், பெயர் மட்டும் ஒன்று.

இரண்டு வருடம் கழித்தும் அதே அபாயப் பிரிவுதானா? நன்றாக இருந்தால் மாற்ற மாட்டார்களா?

ஸ்டேஜ் மாறாது. கண்டறிந்தபோது போட்டது போட்டதுதான். பிறகு 55ஐத் தாண்டினாலும், நோய் திரும்ப வந்தாலும் அதைத் திருத்த மாட்டார்கள். அபாயம் மாறும். சிகிச்சைக்கு உடல் எப்படிப் பதில் சொன்னது என்று பார்த்து மறுபடி கணிப்பார்கள்.

முழு தைராய்டும் எடுத்து அயோடினும் கொடுத்தவருக்கு, தைரோகுளோபுலின் எனும் ரத்தப் பரிசோதனை முக்கியம். தைராய்டுச் செல்கள் மட்டுமே சுரக்கும் புரதம் அது. தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே எடுத்த அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமுக்குக் கீழ், ஸ்கேன் சுத்தம் என்றால் அது மிகச் சிறந்த பதில். அதன்பின் திரும்ப வரும் வாய்ப்பு 1 முதல் 4 சதவீதம் மட்டுமே. நாம் மேலே பார்த்த 34 வயதுக்காரர், அறுவையன்று 20 சதவீதத்தில் இருந்தவர், ஓராண்டில் இந்த நிலையை அடைந்தால் அந்த 20ஐ மறந்துவிடலாம். டி.எஸ்.ஹெச். இலக்கும் 0.5 முதல் 2 வரை தளரலாம்.

0.2க்கும் 1க்கும் இடையில் என்றால் தெளிவில்லாத பதில். இவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்குப் பின்னர் கட்டி தெரியவரும், மற்றவர்களுக்கு அப்படியே நிற்கும் அல்லது கரையும். 1க்கு மேல், ஆனால் ஸ்கேனில் எதுவும் இல்லை என்றால் ரத்தத்தில் மட்டும் மிச்சம். கேட்கப் பயமாக இருந்தாலும், இவர்களில் குறைந்தது 30 சதவீதம் பேருக்கு வேறு சிகிச்சை இல்லாமலே அளவு இறங்கிவிடுகிறது. நோயால் இறப்பவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஸ்கேனிலேயே கட்டி தெரிந்தால்தான் நிலைமை கனக்கிறது: கழுத்தில் மட்டும் என்றால் நோயால் இறப்பு 11 சதவீதம் வரை, தொலை உறுப்பில் என்றால் 50 வரை.

என் தைரோகுளோபுலின் பூஜ்ஜியம். ஆனால் டாக்டர் அதை நம்ப வேண்டாம் என்கிறார். ஏன்?

அநேகமாக உங்கள் ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது. நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இருக்கும், ஹஷிமோட்டோ தைராய்டு அழற்சி உள்ளவர்களுக்கு அதிகம். அந்த ஆன்டிபாடி அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அப்போது ஆன்டிபாடியின் போக்கே அளவுகோலாகிறது: ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால் நல்லது, ஏறினால் தேட வேண்டும். எப்போதும் ஒரே ஆய்வகத்தில், இரண்டையும் ஒரே ரத்தத்தில் பாருங்கள். ஆய்வகம் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.

பாதித் தைராய்டு மட்டும் எடுத்தவர்களுக்கு மேலே சொன்ன 0.2, 1 எல்லைகள் பொருந்தா. மீதிப் பாதி இயல்பாகவே அதைச் சுரந்துகொண்டிருக்கும்.

2014இல் அம்மாவுக்கு ஸ்டேஜ் 3 என்று எழுதினார்கள். அப்போது வயது 50. இன்றும் ஸ்டேஜ் 3தானா?

அன்றைய முறையில் சரியாகவே எழுதியிருப்பார்கள். ஏழாம் பதிப்பில் 45க்கு மேல், நடுக் கழுத்துக் கணு ஒன்று இருந்தாலே ஸ்டேஜ் 3. எட்டாம் பதிப்பில் அதே 50 வயது, அதே கணு, தொலைப் பரவல் இல்லை என்றால் ஸ்டேஜ் 1. பழைய பதிவை யாரும் திருத்தி எழுத மாட்டார்கள். ஆனால் இன்று அவருடைய நிலையைப் புரிந்துகொள்ளப் புதிய முறையையும், அதைவிட இத்தனை ஆண்டு தைரோகுளோபுலின் அளவுகளையும் பாருங்கள். பழைய ஸ்டேஜ் 3இன் சதவீதத்தை இன்றைய அட்டவணையில் தேடினால் அது வேறு ஆட்களைப் பற்றிய எண்.

மெடுல்லரிக்கும் அனாபிளாஸ்டிக்குக்கும் இதே கணக்கா?

இல்லை. மெடுல்லரி தைராய்டின் சி செல்களில் தோன்றுவது; அயோடினை எடுக்காது, தைரோகுளோபுலின் சுரக்காது. அதன் ஸ்டேஜில் வயதுக்கு இடமில்லை. கால்சிட்டோனின், சி.இ.ஏ. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளை வைத்துத் தொடர்வார்கள். மரபு வழியாக வருவதும் உண்டு என்பதால் ரெட் மரபணுப் பரிசோதனை குடும்பத்துக்கும் பேசப்படும்.

அனாபிளாஸ்டிக் எப்போதும் ஸ்டேஜ் 4தான். தைராய்டுக்குள் அடங்கியிருந்தால் 4ஏ, வெளியே வந்திருந்தாலோ கணுவில் இருந்தாலோ 4பி, தொலைப் பரவல் இருந்தால் 4சி. வாரங்களில் வளரும் கட்டி இது. கழுத்துக் கட்டி சட்டென்று பெருத்து, குரல் கரகரத்து, மூச்சும் விழுங்குவதும் சிரமமானால் அடுத்த மாத சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. திசு எடுத்து பிராஃப் மரபணு மாற்றத்தை உடனே பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மாற்றம் இருந்தால் அதற்கென்றே உள்ள மாத்திரைகளைத் தொடங்க முடியும்.